எஞ்சி நின்ற வினா

நுழையும்முன்

நேரில் பேசும்போது ஒருவர் தொடரைப் பாதியில் நிறுத்தினாலும் அவர் கண்ணும் கையும் குரலும் எஞ்சியதைச் சொல்லிவிடும். இணையவழி வகுப்பின் உரையாடல் பெட்டியில் அவை இல்லை. எழுத்து மட்டுமே இருக்கிறது. அந்த எழுத்தும் பாதியில் நின்றுவிட்டால் ஆசிரியர் எதற்கு விடை சொல்வார்? நம் இலக்கண நூலார் வினாவையும் விடையையும் எச்சத்தையும் குறித்துக் கூறியவை இவ்விடத்தில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை ஒரு வகுப்பறை நிகழ்வின்வழி விளக்குகிறது இப்பாடம்.

மணிமுத்தாற்றிலிருந்து ஒரு செய்தி

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்று வகுப்பறைகள் திறந்தன. இரண்டாம் அலையால் மீண்டும் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்று மறுபடியும் திறந்தன. இடைப்பட்ட மாதங்களில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் தத்தம் கைப்பேசி வழியாகவும் வகுப்பு எடுத்தனர்.

அத்தகைய வகுப்பொன்றில் நான் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். பொதிகைச் சாரல் பள்ளத்தாக்கு முழுவதும் தூறிக்கொண்டிருந்தது. ‘ஆறு + நீர் = ஆற்றுநீர்’ என்று எழுதிக்காட்டி, ‘ஆறு’ என்பது ‘ஆற்று’ எனத் திரிவதைச் சொல்லி முடித்திருந்தேன். அப்போது உரையாடல் பெட்டியில் ஒரு செய்தி தோன்றியது.

“ஐயா மணிமுத்தாறு அணைன்னு போர்டுல போட்ருக்கு ஆனா நீங்க ஆற்று”

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லை; வினாக்குறி இல்லை; அடுத்த வரியும் இல்லை. எழுதியவள் மணிமுத்தாற்று மாணவி. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்தது அவ்வூர். தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்றின் குறுக்கே 1958 இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அங்கே இருக்கிறது. அங்கிருந்துதான் மாஞ்சோலைக்கும் நாலுமுக்குக்கும் மலைப்பாதை ஏறுகிறது. மலை மறைக்கும் இடங்களில் அலைபேசிக் குறிகை வருவதும் போவதுமாக இருக்கும். அவள் கையில் இருந்ததோ அண்ணனுடைய கைப்பேசி.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியில் அந்த அரைத்தொடர் நின்றது. நான் விடை சொல்ல வேண்டும். ஆனால், எதற்கு?

செய்தி ஏன் பாதியில் நிற்கிறது?

குறிகை இல்லாததால் செய்தி பாதியில் அறுந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் எண்ணுவோம். அது சரியன்று. பேசும் குரல் குறிகை குறைந்தால் விட்டுவிட்டுக் கேட்கும். காணொலி உறைந்து நிற்கும். எழுத்துச் செய்தி அவ்வாறு துண்டாவதில்லை. அனுப்புவதற்கான பொத்தானை அழுத்தும்போது பெட்டியில் இருக்கும் எழுத்துகள் அனைத்தும் ஒரே செய்தியாகப் புறப்படுகின்றன. குறிகை இல்லையெனில் அச்செய்தி முழுவதும் காத்திருக்கும். வரும்போது முழுவதும் வரும். ஆகவே, பாதித் தொடர் ஒன்று திரையில் தோன்றினால் அந்தப் பாதிதான் அனுப்பப்பட்டது என்பது உறுதி.

பாதியை அனுப்பக் காரணங்கள் மூன்று இருக்கலாம். விரல் தவறிப் பொத்தானில் பட்டிருக்கலாம். அப்படியானால் எஞ்சியது சில நொடிகளில் அடுத்த செய்தியாக வரும். எஞ்சியதைத் தனிச் செய்தியாக எழுதியபின் குறிகை போயிருக்கலாம்; அப்படியானால் அது வகுப்பு முடிந்தபின்கூட வரலாம். மூன்றாவது காரணம் தயக்கம். எழுதத் தொடங்கியபின், ‘இதை எல்லார் முன்னிலையிலும் கேட்கலாமா?’ என்னும் எண்ணம் தோன்றி, எழுதியதை அழித்து, அழிக்கும்போதே ஏதோ ஒரு பகுதி போய்ச் சேர்ந்திருக்கலாம். அப்படியானால் எஞ்சியது வரவே வராது.

திரையைப் பார்க்கும் ஆசிரியரால் இம்மூன்றையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. சொல்லின் நடுவே நின்றால் விரல் தவறியிருக்கும் என்றும், ‘ஆனால்’ போன்ற சொல்லோடு நின்றால் தயங்கியிருக்கலாம் என்றும் ஊகிக்கலாம். உறுதி கூற முடியாது. எனவே காரணத்தைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பதே நலம். ‘ஏன் பாதியில் நிறுத்தினாய்?’ என்று கேட்டால், அதுவே இரண்டாவது வினாவாகி முதல் வினாவை மூடிவிடும்.

தமிழ்த் தொடரின் கடைசிச் சொல்

பாதியில் நின்ற தமிழ்த் தொடருக்குத் தனியானதொரு சிக்கல் உண்டு. தமிழில் முடிக்கும் சொல் இயல்பாகத் தொடரின் இறுதியில் வருகிறது. காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை ஆகிய நான்கையும் அந்த வினைமுற்றே தாங்குகிறது. ‘ஆ’, ‘ஓ’ என்னும் வினா எழுத்துகளும் பெரும்பாலும் அதன் இறுதியிலேயே ஒட்டுகின்றன.

‘நேற்று நடத்திய பாடம் எனக்குப் புரிய’ என்பது வரை ஒருவர் எழுதி நிறுத்துவதாகக் கொள்வோம். அது ‘புரியவில்லை’ என்று முடியலாம். ‘புரியவில்லையா என்று கேட்காதீர்கள்’ என்றும் முடியலாம். ‘புரிய வைத்ததற்கு நன்றி’ என்றும் முடியலாம். கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது மெய்யின் வடிவம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் வருவதால், ‘புரியுது’ என எழுதத் தொடங்கியவரின் செய்தியும் ‘புரிய’ என்ற நிலையில் நிற்கக்கூடும். நேர் எதிரான பொருள்கள் ஒரே முன்பாதியைக் கொண்டிருக்கின்றன.

ஆங்கிலத்தில் வினாச்சொல்லும் எதிர்மறைச் சொல்லும் பெரும்பாலும் தொடரின் முற்பகுதியிலேயே வந்துவிடுகின்றன. அதனால் பாதித் தொடரிலேயே அது வினா என்பது தெரிந்துவிடும். தமிழில் பாதித் தொடர் தருவது வினாவின் பொருளை. இழப்பது வினா என்னும் தன்மையை. எதைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெரியும். அதைப் பற்றி என்ன கேட்கிறார் என்பது தெரியாது.

இதை அறியாமல் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். வேறொரு மாணவன் ‘ஐயா புரிய’ என்று அனுப்பினான். ‘புரியவில்லை’ என்று நானாக முடித்துக்கொண்டு, அன்றைய பாடத்தை முதலிலிருந்து மறுபடியும் நடத்தினேன். இருபது நிமிடங்கள் கழிந்தபின், ‘புரியுது ஐயா, அடுத்ததுக்குப் போலாம்’ என்பதே தான் எழுத நினைத்தது என்றான். அவன் கேட்காத வினாவுக்கு நாற்பது பேர் விடை கேட்டுக்கொண்டிருந்தனர்.

எச்சமும் முடிக்கும் சொல்லும்

சொல்லாது எஞ்சியதை எவ்வாறு கொள்வது என்பது நம் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயரிட்டார். பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை எனப் பத்து வகை எச்சங்களை அவ்வியலில் கூறுகிறார்.

இவற்றின் அடிப்படைக் கருத்து எளியது. தொடரில் நின்ற சொல்லே, தன்னை முடிக்க வரும் சொல் எத்தகையது என்பதைக் காட்டிவிடும். ‘வந்த’ என்னும் பெயரெச்சம் ஒரு பெயரை வேண்டும். ‘வந்து’ என்னும் வினையெச்சம் ஒரு வினையை வேண்டும். ‘அவனும் வந்தான்’ என்றால் அவனுக்கு முன் வேறொருவரும் வந்தார் என்பதை ‘உம்’ காட்டும். எனவே எஞ்சியதைக் கண்டுபிடிக்க நின்றதைக் கூர்ந்து நோக்க வேண்டும். படிப்பவரின் விருப்பப்படி நிரப்புவதற்கு இங்கே இடமில்லை.

இனி, மாணவியின் செய்தியில் நின்ற சொற்களை நோக்குவோம்.

‘மணிமுத்தாறு அணைன்னு போர்டுல போட்ருக்கு’ என்பது முழுமை பெற்ற தொடர். அவள் தன் கண்ணால் கண்ட ஒன்றைக் கூறுகிறாள். அடுத்து வரும் ‘ஆனா’ என்னும் சொல், பின்னே வரப்போவது முன்னே சொன்னதோடு மாறுபடும் என்பதைக் காட்டுகிறது. ‘நீங்க’ என்னும் எழுவாய், உயர்வுப்பன்மையாகிய முன்னிலை வினைமுற்றை வேண்டுகிறது. இரண்டு நிமிடங்களுக்கு முன் நான் செய்த செயல் சொல்லியதும் எழுதியதுமே ஆதலால் ‘சொன்னீங்க’ என்பதோ ‘எழுதினீங்க’ என்பதோ அங்கு வரும். இறுதியில் நிற்கும் ‘ஆற்று’ நான் எழுதிக்காட்டிய வடிவம். எனவே அது மேற்கோள்.

இவ்வாறு சேர்த்தால் தொடரின் எலும்புக்கூடு கிடைத்துவிடுகிறது. பலகையில் ‘ஆறு’ என இருக்கிறது. ஆசிரியரோ ‘ஆற்று’ என்று சொன்னார். இதுவரை ஊகம் குறைவு. எல்லாம் நின்ற சொற்களிலிருந்தே பெறப்பட்டவை.

வினா எது?

இனிதான் ஊகம் தொடங்குகிறது. இம்மாறுபாட்டைச் சொல்லி அவள் என்ன கேட்க நினைத்தாள்? நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தார். இவற்றுள் கொளலும் கொடையும் ஏவலும் இங்குப் பொருந்தா. தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா எனச் சோதிப்பது அறிவினா, அதுவும் பொருந்தாது. எஞ்சுபவை அறியா வினாவும் ஐய வினாவும் ஆகும்.

அறியா வினா ஒன்றைப் பற்றித் தெரியாமல் கேட்பது. ‘ஆற்று என்றால் என்ன?’ என்பது அறியா வினா. ஐய வினா இரண்டைக் கண்டு, இதுவோ அதுவோ எனத் துணிய முடியாமல் கேட்பது. ‘பலகையில் உள்ளது சரியா, நீங்கள் சொன்னது சரியா?’ என்பது ஐய வினா. அவள் ஒன்றை மட்டும் கூறவில்லை. இரண்டைக் கூறி நடுவே ‘ஆனா’ என்பதையும் வைத்திருக்கிறாள். ஆகவே ஐய வினாவாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இந்த வேறுபாடு விடையையே மாற்றிவிடும். அறியா வினாவுக்கு விளக்கம் போதும். ‘ஆறு’ எவ்வாறு ‘ஆற்று’ ஆகிறது என்று மறுபடி சொன்னால் முடிந்தது. ஐய வினாவுக்கு அது விடையாகாது. பலகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விதியை மட்டும் மீண்டும் சொன்னால் அவள் ஐயம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் எடுத்து நிறுத்தி, இன்ன காரணத்தால் இது என்று துணிந்து கூறினால்தான் ஐயம் தீரும்.

வினாவுக்கு எதிரே ஒரு வினா

விடையை நன்னூலார் எட்டு வகையாகக் கூறுவார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடை ஆவன. வினாவுக்கு எதிரே வரும் வினாவும் விடையே என்பதைத் தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் உடன்படுகிறார்.

இலக்கண நூல்களில் வினா எதிர் வினாதலுக்கு, ‘உண்டாயா?’ என்றவரிடம் ‘உண்ணாமல் இருப்பேனா?’ என்று மறுமொழி கூறுவது போன்ற எடுத்துக்காட்டுகளைப் படித்திருப்போம். அங்கே எதிர்வினா விடையை உள்ளடக்கியிருக்கிறது. இணைய வகுப்பில் அதற்கு இன்னொரு பயன் உண்டு. எஞ்சிய வினாவை ஆசிரியரே முழுமையாக்கி, ‘இதுதானா நீ கேட்டது?’ என்று அவளிடமே திருப்பித் தரலாம். நான் அவ்வாறே எழுதினேன்.

“மணிமுத்தாற்று மாணவிக்கு: பலகையில் ‘மணிமுத்தாறு அணை’ என்று இருக்கிறது. நானோ ‘ஆறு’ என்பது ‘ஆற்று’ ஆகும் என்றேன். இரண்டில் எது சரி என்பதுதானே உன் ஐயம்? நல்ல ஐயம். ஆம் என்றால் 1 என்று மட்டும் அனுப்பு. வேறொன்று என்றால் 2 என்று அனுப்பு, பொறுமையாக எழுதலாம்.”

இச்செய்தியில் சில கருத்துகள் திட்டமிட்டே அமைந்தவை. அவள் எழுதியதை நான் மறுபடியும் எழுதினேன்; ஏனெனில், இடையே பிற மாணவர்களின் செய்திகள் வந்து அவள் செய்தி மேலே போயிருக்கும். விடையை ஓர் எண்ணால் அனுப்பும்படி வினாவை அமைத்தேன். குறிகை குறைந்த இடத்தில், பிறருடைய கைப்பேசியில், நீளமாக எழுத வேண்டிய சுமை அவளுக்கு வேண்டியதில்லை. ‘வேறொன்று’ என்பதற்கும் வழி வைத்தேன். ஒரே வழியைக் காட்டினால், ஆசிரியர் சொன்னதை மறுக்க அஞ்சி மாணவர் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவர். இதே செய்தியை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் இட்டேன். பல காணொலிச் செயலிகளில், இணைப்பு அறுந்து மீண்டும் உள்ளே வருபவருக்கு அதற்கு முன் உரையாடல் பெட்டியில் எழுதப்பட்டவை தெரிவதில்லை.

பின்னர்ப் பாடத்தைத் தொடர்ந்தேன். சிறிது நேரத்தில் ‘1’ என்று வந்தது. அதன் கீழேயே மற்றொரு செய்தியும் வந்தது.

“அப்ப எங்க ஊர் போர்டு தப்பா ஐயா?”

எஞ்சி நின்ற வினா இதுதான்.

பலகையும் விதியும்

இனி விடை. மணிமுத்தாறு என்னும் பெயரிலேயே ஒரு புணர்ச்சி இருக்கிறது. ‘முத்து + ஆறு’ என்பதில் ‘முத்து’ குற்றியலுகரத்தில் முடிகிறது. வருமொழி உயிரில் தொடங்குவதால் அந்த உகரம் கெட, ‘முத்த்’ என நின்ற மெய்யின்மேல் ‘ஆ’ ஏறி ‘முத்தாறு’ ஆயிற்று. இங்கே எதுவும் இரட்டிக்கவில்லை.

அடுத்து ‘மணிமுத்தாறு’ என்னும் முழுச்சொல்லை நோக்குக. அதுவும் குற்றியலுகரத்திலேயே முடிகிறது. இறுதியில் உள்ள ‘று’வுக்கு முன் ‘தா’ என்னும் உயிர்மெய் நிற்பதால் அது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ‘ஆறு’ எனத் தனியே நிற்கும்போது தனிநெடிலைத் தொடர்வதால் நெடில்தொடர்க் குற்றியலுகரம். இவ்விரு வகையிலும் ‘டு’, ‘று’ என முடியும் சொற்கள் வேற்றுமைப் புணர்ச்சியில் பெரும்பாலும் அந்த ஒற்றை இரட்டித்துக்கொள்ளும் என்பது நன்னூல் விதி. வீடு வீட்டில் என்றும், கிணறு கிணற்றில் என்றும், வயிறு வயிற்றில் என்றும் வருவது இதனால்தான். மணிமுத்தாறு, மணிமுத்தாற்றில் என்று வருவதும் அவ்வாறே. காசு, காது போன்ற சொற்கள் ‘டு’, ‘று’ என முடியாமையால் காசில், காதில் என இரட்டாமல் நிற்கின்றன.

விதியில் ‘வேற்றுமையில்’ என்னும் சொல்லே நம் வினாவுக்குத் திறவுகோல். ‘மணிமுத்தாற்றின் குறுக்கே கட்டிய அணை’ என்று பொருள் கொண்டால் அது வேற்றுமைத்தொடர். அப்போது மணிமுத்தாற்று + அணை என நின்று ‘மணிமுத்தாற்றணை’ என்றாகும். ‘மணிமுத்தாறு என்னும் பெயருடைய அணை’ என்று பொருள் கொண்டால் அது இருபெயரொட்டு, அல்வழிப் புணர்ச்சி. அல்வழியில் அவ்விரட்டிப்பு வேண்டுவதில்லை. பலகையில் எழுதுபவர் ஆற்றுக்கும் அணைக்கும் உள்ள உறவை விளக்கவில்லை. அணையின் பெயரை அறிவிக்கிறார். பெயரைச் சிதையாமல் இடம்விட்டு எழுதுவது இன்றைய அறிவிப்புப் பலகைகளின் வழக்கமும் ஆகும். ஆகவே பலகை தவறன்று. விதியும் தவறன்று. இரண்டும் வெவ்வேறு பொருளுக்கு உரியவை.

மாணவி தேர்வில் ‘மணிமுத்தாறு + இல்’ என்பதைச் சேர்த்து எழுத வேண்டுமானால் ‘மணிமுத்தாற்றில்’ என்றே எழுத வேண்டும். அங்கே ‘இல்’ வேற்றுமை உருபு, ஐயத்துக்கு இடமில்லை.

இந்த விதியை அவள் நாவும் முன்பே அறியும். ‘ஆத்துல குளிச்சேன்’ என்றுதான் தாமிரபரணிக் கரையில் எவரும் சொல்வர். ‘ஆறுல குளிச்சேன்’ என்று சொல்வதில்லை. எழுத்தில் ‘ற்ற’ என வருவது பேச்சில் ‘த்த’ என ஒலிக்கிறது. அதே ஒலியுடைய எண்ணுப்பெயரைச் சொல்லும்போது ‘ஆறில் ஒரு பங்கு’ என்கிறோம், அங்கே இரட்டிப்பதில்லை. விதியில் ‘பெரும்பாலும்’ என்னும் கருத்து இருப்பதன் பயன் இது. ஆற்றையும் எண்ணையும் வேறுபடுத்திக் காட்ட, அந்த ஒற்று நமக்கு உதவுகிறது.

இவ்வளவையும் உரையாடல் பெட்டியில் எழுத முடியாது. ‘பலகையும் சரி, விதியும் சரி. பலகை அணையின் பெயரைச் சொல்கிறது. அங்கே இரட்ட வேண்டியதில்லை. மணிமுத்தாற்றில் என உருபு சேரும்போது இரட்டும். காரணம் நாளைய வகுப்பில்’ என்று சுருக்கமாக எழுதினேன். முதற்சொல்லிலேயே துணிவு இருக்க வேண்டும். ஏனெனில், அடுத்த வரியைப் படிக்கும்வரை குறிகை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

வழுவும் வரம்பும்

வினாவிலும் விடையிலும் வழு நேராமல் காக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் கருத்து. கேட்டதற்குத் தொடர்பில்லாத ஒன்றைக் கூறுவது விடையின் வழு. எஞ்சிய வினாவில் இவ்வழு எளிதில் நேரும். அதுவும் அறிவுரை என்னும் உருவில் வரும்.

ஒரு மாணவனின் பாதிச் செய்தியில் ‘டவுட்டு’ என்னும் சொல் இருந்தது. நான் உடனே, ‘ஐயம் என்று எழுதுக’ என்று பெட்டியில் திருத்தினேன். நான் சொன்னது மொழியளவில் சரி. ஆனால், அவன் ஐயம் எது என்று நான் கேட்கவில்லை. எஞ்சிய பாதி அன்று வரவில்லை. அந்த மாதம் முழுவதும் அவனிடமிருந்து வேறெந்தச் செய்தியும் வரவில்லை. தேர்வுத்தாளில்தான் அந்த ஐயத்தைக் கண்டேன். அதே இடத்தில் தவறாக எழுதியிருந்தான். ‘போர்டு’ என்னும் சொல்லை மணிமுத்தாற்று மாணவியின் செய்தியில் கண்டபோது என் விரல் திருத்தத்தான் நகர்ந்தது. அவனை நினைத்து நிறுத்திக்கொண்டேன். விடையில் ‘பலகை’ என்று நான் எழுதினேன், அது போதும்.

எல்லா எஞ்சிய வினாக்களையும் இவ்வாறு முடித்துவிட இயலாது. ‘ஐயா அது’ என்று மட்டும் வந்தால் அங்கே நின்ற சொல் எதையும் காட்டவில்லை. சுட்டுச்சொல் எதைச் சுட்டுகிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவ்விடத்தில் ஊகித்து விடை சொல்வது வழுவாகும். ‘எழுது, காத்திருக்கிறேன், வகுப்பு முடிந்தபின் எழுதினாலும் விடை தருவேன்’ என்பதே அங்குச் சொல்லத்தக்கது. நின்ற சொற்களில் பெயரோ மேற்கோளோ மாறுபாட்டைக் காட்டும் இடைச்சொல்லோ இருந்தால் முடித்துப் பார்க்கலாம். இல்லையெனில் கேட்க வேண்டும்.

2021 செப்டம்பரில் பள்ளி திறந்தது. முதல் வாரத்தில் அம்மாணவியிடம் அந்தச் செய்தியைப் பற்றி நானே கேட்டேன். குறிகை போனதால் எஞ்சியது வரவில்லை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவள் சொன்னது வேறு. முழுவதையும் எழுதிவிட்டாளாம். ‘நீங்க ஆற்றுன்னு மாறும்னு சொன்னீங்களே, அது தப்பா?’ என்பது அவள் எழுதியது. எல்லார் முன்னிலையிலும் ஆசிரியரைத் தவறு என்று சொல்வதாக ஆகுமே என்று எண்ணிப் பின்னிருந்து ஒவ்வொரு சொல்லாக அழித்து வந்திருக்கிறாள். ‘ஆற்று’ வரை அழித்தபோது விரல் பட்டுச் செய்தி போய்விட்டது.

“பெறவு நீங்களே கேட்டுட்டீங்க ஐயா. அதான் மிச்சத்தக் கேட்டேன்” என்றாள்.

அவள் அழித்ததில் நான் தவறு செய்தேனா என்ற வினா இருந்தது. பின்னர் அனுப்பியதில் அது ஊர்ப்பலகை தவறா என்று மாறியிருந்தது. இரண்டும் ஒரே ஐயத்தின் இரு முனைகள். காரணத்தை நான் பிழையாக ஊகித்திருந்தேன். அதைப் பற்றி அன்று பெட்டியில் ஒன்றும் எழுதாதிருந்ததால் அப்பிழை அவளைத் தடுக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

குற்றியலுகர ஈற்றில் ஒற்று இரட்டுதல்

வீடு + இல் = வீட்டில் (நெடில்தொடர், டு)
ஆறு + இல் = ஆற்றில் (நெடில்தொடர், று)
கிணறு + இல் = கிணற்றில் (உயிர்த்தொடர், று)
காது + இல் = காதில் (டு, று அன்மையின் இரட்டவில்லை)

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஆறு, காடு, மேடு, கோடு என முடியும் இடப்பெயர்களைத் தொகுத்து, ‘இல்’ உருபு சேர்த்து எழுதுக. அவ்விடங்களின் அறிவிப்புப் பலகைகளில் அவை எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என ஒப்பிடுக.
2. ‘ஐயா, நீங்க சொன்ன அந்த எடுத்துக்காட்டு நன்னூல்ல’ என்னும் எஞ்சிய வினாவில், நின்ற சொற்கள் எவற்றை உறுதியாகக் காட்டுகின்றன, எவை ஊகம் என்பதைப் பிரித்து எழுதுக. அவ்வினாவைத் திருப்பிக் கேட்கும் எதிர்வினா ஒன்றை அமைக்க.

குறுவினா

1. எழுத்துச் செய்தி குறிகைக் குறைவால் துண்டாவதில்லை; ஏன்?
2. அறியா வினாவுக்கும் ஐய வினாவுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடத்தின் நிகழ்வைக் கொண்டு விளக்குக.

நெடுவினா

பாதியில் நின்ற தமிழ்த் தொடர் எவற்றை இழக்கிறது, எவற்றைத் தக்கவைக்கிறது என்பதைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விளக்கி, அத்தகைய வினாவுக்கு விடை கூறும் முறையைத் தொகுத்து எழுதுக.